வழக்கத்துக்கு மாறான ரிஸ்க்கை மூத்த அண்டர்ரைட்டருக்கு மெயிலில் அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீ காப்பீட்டுப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து கடைசிவரை ஒரே எடுத்துக்காட்டுதான்: வாகன உதிரிபாகக் கிடங்கு ஒன்று, அதற்குள் பழைய மின்வாகன பேட்டரிகள். அதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

ரெஃபரல் மெயில்னா என்ன? ப்ரோக்கர் அனுப்பினதை அப்படியே மேலே தள்ளிவிட்டா போதாதா?

ஒவ்வொரு அண்டர்ரைட்டருக்கும் எழுத்தில் தரப்பட்ட அதிகார வரம்பு உண்டு. அதற்கு வெளியே போகும் ரிஸ்க்கை ஏற்க, வரம்பு அதிகம் உள்ளவரிடம் அனுமதி கேட்பதுதான் ரெஃபரல். மெயிலில் கேள்வியும் இருக்க வேண்டும், அதற்குப் பதில் சொல்லத் தேவையான தகவலும் இருக்க வேண்டும்.

ப்ரோக்கரின் மெயில் விற்பதற்காக எழுதப்பட்டது. அதைத் தள்ளிவிட்டு மேலே "பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதினால், நாற்பது பக்க இணைப்பைப் படித்து, நீங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்ததை அவரும் முதலிலிருந்து தேட வேண்டும். பெரும்பாலும் தேட மாட்டார். நான்கு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார், உங்களுக்கு இரண்டு நாள் போய்விடும்.

தொகை என் அதிகாரத்துக்குள்ளதான் இருக்கு. அப்புறமும் ஏன் கேக்கணும்?

அதிகாரக் கடிதத்தில் தொகை ஒரு வரம்புதான். அதற்குக் கீழே, எந்தத் தொகையானாலும் கேட்டே ஆக வேண்டிய தொழில்களும் சரக்குகளும் தனிப் பட்டியலாக இருக்கும். நிறையப் பேர் தொகையைப் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நம் கிடங்கை எடுத்துக்கொள்வோம். கட்டடம் 22 கோடி, இயந்திரம் 8 கோடி, சரக்கு 40 கோடி, வணிக இடையூறு, அதாவது தீயால் தொழில் நிற்கும்போது ஏற்படும் வருமான இழப்பு, 14 கோடி, ஆக மொத்தம் 84 கோடி. உங்கள் அதிகார வரம்பு 100 கோடி. தொகைப்படி பார்த்தால் கேட்கத் தேவையே இல்லை. ஆனால் பயன்படுத்திய லித்தியம் அயனி பேட்டரிச் சேமிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இல்லாவிட்டாலும்கூட நான் அனுப்பியிருப்பேன். உங்கள் கட்டண அட்டவணை எந்த மாதிரி கிடங்கை மனத்தில் வைத்துப் போடப்பட்டதோ, அந்த மாதிரி கிடங்கு இது இல்லை.

எது வழக்கத்துக்கு மாறானதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ப்ரோக்கர் அதைச் சொல்லவே மாட்டாரே.

பொய் சொல்வார் என்றில்லை, பொதுவான வார்த்தைக்குள் அடக்கிவிடுவார். இங்கே படிவத்தில் எழுதியிருந்தது "வாகன உதிரிபாகங்கள், கிடங்கு" என்பது மட்டும்தான். சரக்கு மதிப்பு போன ஆண்டைவிடக் கூடியிருந்தது, ஆனால் விற்பனை கூடவில்லை. இணைப்பில் இருந்த கிடங்குப் படங்களில் ஒன்றில், ஓரத்து ரேக்கில் மரப்பலகைகள்மேல் தட்டையான உலோகப் பெட்டிகள் இருந்தன. சிலவற்றிலிருந்து தடித்த ஆரஞ்சு நிறக் கேபிள் துண்டுகள் தொங்கின. மின்வாகனங்களில் உயர் மின்னழுத்தக் கேபிளுக்குத்தான் ஆரஞ்சு நிறம். ப்ரோக்கரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டதும் விவரம் வந்துவிட்டது: உத்தரவாதக் காலத்தில் திரும்பி வந்த 420 பேட்டரி பேக்குகள், எட்டு மாதமாக அங்கேதான் இருக்கின்றன.

எனவே படிவத்தில் உள்ள தொழில் விவரத்தை, இருப்புப் பட்டியலோடும் படங்களோடும் வாடிக்கையாளரின் இணையதளத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சர்வே ரிப்போர்ட்டின் தேதியையும் பாருங்கள். இங்கே அது மூன்று ஆண்டு பழையது. பேட்டரிகள் வருவதற்கு முந்தைய கிடங்கைத்தான் அது விவரிக்கிறது.

சுருக்கமா எழுதுன்னு சொல்றாங்க. எவ்வளவு சுருக்கம்?

ஸ்க்ரோல் செய்யாமல் ஒரே திரையில் படித்து முடிகிற அளவு. அதற்காகத் தந்தி மொழி வேண்டாம். எதை முன்னால் வைப்பது என்பதுதான் முக்கியம். முதலில் என்ன அனுமதி வேண்டும், எப்போதைக்குள் வேண்டும். அடுத்து இந்த ரிஸ்க்கில் வழக்கத்துக்கு மாறானது என்ன, ஒரே வாக்கியத்தில். அதன் பிறகு தொகைகள், கட்டடம், பாதுகாப்பு, உங்கள் நஷ்ட மதிப்பீடு. பிறகு தெரியாதவை. உங்கள் பரிந்துரை முதலில் கேட்கும் அனுமதியோடு சேர்ந்தே வரட்டும்.

நிறுவனத்தின் வரலாறு, உரிமையாளரின் அனுபவம், ப்ரோக்கரோடு நமக்குள்ள உறவு எல்லாம் இணைப்பில் இருக்கட்டும். ஒரு தகவல் முடிவை மாற்றாது என்றால் மெயிலில் அதற்கு இடமில்லை. பேட்டரி எட்டு மாதமாக உள்ளே இருப்பது முடிவை மாற்றும். நிறுவனம் தொடங்கிய ஆண்டு மாற்றாது.

ஒரு மாதிரி மெயில் காட்டுங்களேன்.

> பொருள்: ஒப்புதல் தேவை, 24-ஆம் தேதி மாலைக்குள் – கிடங்கு தீ பாலிசி புதுப்பிப்பு, உள்ளே பழைய லித்தியம் பேட்டரிகள்
>
> வணக்கம் மேடம்,
>
> இரண்டு ஒப்புதல் வேண்டும். (1) 28-ஆம் தேதி முடியும் பாலிசிக்கு 15 நாள் நீட்டிப்பு, ஒரு தீ நிகழ்வுக்கு அதிகபட்சம் 40 கோடி என்ற வரம்புடன். (2) பேட்டரிகளைக் கட்டடத்துக்கு வெளியே மாற்றியதை நம் பொறியாளர் உறுதி செய்த பிறகு 12 மாதப் புதுப்பிப்பு. மாற்றாவிட்டால் புதுப்பிக்க வேண்டாம் என்பது என் பரிந்துரை.
>
> மாறானது: வாகன உதிரிபாகக் கிடங்கில், திரும்பி வந்த 420 மின்வாகன பேட்டரி பேக்குகள் எட்டு மாதமாக இருக்கின்றன. சில சேதமடைந்தவை. நடப்புப் பாலிசியில் இது தெரிவிக்கப்படவில்லை.
>
> தொகை: கட்டடம் 22, இயந்திரம் 8, சரக்கு 40 (இதில் பேட்டரி 6), வணிக இடையூறு 14. மொத்தம் 84 கோடி, முழுப் பங்கும் நம்முடையது.
>
> கட்டடம்: எஃகுச் சட்டம், ஃபோம் உள்ளீடு கொண்ட பேனல் சுவர்கள். அ, ஆ என இரண்டு கூடங்கள். நடுவில் செங்கல் சுவர், அதில் ஒரு ரோலர் ஷட்டர். வேலை நேரம் முழுக்க ஷட்டர் திறந்திருக்கும், தானாக மூடாது. பேட்டரிகள் ஆ கூடத்தின் ஓரத்தில், மூன்றடுக்கு ரேக்கில்.
>
> பாதுகாப்பு: ஸ்பிரிங்ளர் உண்டு, ஆனால் அட்டைப்பெட்டிச் சரக்குக்காக வடிவமைத்தது. சர்வே மூன்று ஆண்டு பழையது, பேட்டரிகளுக்கு முந்தையது.
>
> நஷ்ட மதிப்பீடு: இன்றைய நிலையில் 84 கோடி. ஷட்டரைச் சரிசெய்தாலும் பேட்டரிகள் உள்ளே இருந்தால் 43.5 கோடி. ப்ரோக்கர் சொல்வது 16.8 கோடி, அதை நான் ஏற்கவில்லை.
>
> க்ளெய்ம்: ஐந்து ஆண்டில் இரண்டு, மொத்தம் 9 லட்சம், மழைநீர்க் கசிவு. இரண்டும் பேட்டரிகளுக்கு முந்தையவை.
>
> தெரியாதவை: சேதமடைந்த பேக்குகளின் எண்ணிக்கை, பேக்குகளின் மின்னேற்ற அளவு. ப்ரோக்கரிடம் கேட்டிருக்கிறேன், 22-ஆம் தேதி வர வேண்டும்.
>
> ட்ரீட்டி விலக்கு பற்றி மறுகாப்பீட்டுப் பிரிவுக்கு இன்று எழுதிவிட்டேன். உங்கள் பதில் வரும்வரை ப்ரோக்கருக்கு எந்தக் கொட்டேஷனும் போகாது.
>
> இணைப்பு: இருப்புப் பட்டியல், படம் 7, பழைய சர்வே.

இணைப்புகளில் "படம் 7" என்று எண் போட்டதைக் கவனியுங்கள். முப்பது படங்களை அனுப்பிவிட்டு "படங்களைப் பார்க்கவும்" என்று எழுதினால் யாரும் பார்க்கப்போவதில்லை.

பேட்டரி மதிப்பு 6 கோடிதானே? அதுக்குக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் வாங்கிட்டா ஆகாதா?

6 கோடி என்பது பேட்டரியின் விலை. ஆனால் அதற்குள் தொடங்கும் தீ மற்ற 78 கோடியையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். சேதமடைந்த செல் ஒன்று தன்னைத்தானே சூடாக்கத் தொடங்கினால், அந்த வெப்பம் பக்கத்து செல்லைச் சூடாக்கும், அது அடுத்ததை. வெளியே வரும் வாயு எரியக்கூடியது, நச்சும் கூட. பேக்கின் உறை மூடியிருப்பதால் மேலிருந்து ஊற்றும் தண்ணீர் எரிகிற செல்லை நேராகத் தொடுவதில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்த பேக், மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கழித்து மறுபடி பற்றிக்கொள்ளும்.

2023 ஜனவரியில் பிரான்சின் ரூவான் நகருக்கு அருகே ஒரு கிடங்கில் நடந்த தீ, இந்த எடுத்துக்காட்டுக்கு மிக நெருக்கமானது. சுமார் 12,000 வாகன பேட்டரிகள் இருந்த பகுதியில் தீப்பிடித்து, பக்கத்தில் டயர்கள் வைத்திருந்த பகுதிக்கும் பரவியது. மேலதிகாரி "இதெல்லாம் நிஜமாக நடக்குமா" என்று கேட்டால் இந்த ஒரு நிகழ்வைச் சொன்னால் போதும். மெயிலில் பத்துத் தீ விபத்துகளை அடுக்க வேண்டாம்.

பிரீமியக் கணக்குக்கு வருவோம். ஆண்டுக்கு 5 லட்சம் கூடுதலாக வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 84 கோடி நஷ்டத்தை அந்தக் கூடுதலில் மட்டும் ஈடுகட்ட 1,680 ஆண்டு ஆகும். இங்கே விலையைக் கூட்டுவதைவிட, பேட்டரியை வேறு இடத்தில் வைக்கச் சொல்வதுதான் நஷ்டத்தைக் குறைக்கும்.

ப்ரோக்கர் பி.எம்.எல் 20 சதவீதம்னு போட்டிருக்கார். அதை நான் மாத்தலாமா?

மாற்றித்தான் ஆக வேண்டும். ரெஃபரல் மெயிலில் இருக்கும் நஷ்ட மதிப்பீடு உங்களுடையது. பி.எம்.எல்-ஐ, அதாவது ஒரு நிகழ்வில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்ச நஷ்டத்தை, சதவீதமாகத் தொடங்காமல், தீ எங்கே தொடங்கும், எது அதை நிறுத்தும் என்ற வரிசையில் யோசியுங்கள்.

ப்ரோக்கரின் 20 சதவீதம், அதாவது 16.8 கோடி, ஸ்பிரிங்ளர் வேலை செய்து தீ சில ரேக்குகளோடு நிற்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. அட்டைப்பெட்டிச் சரக்குக்கு அது சரியாகக்கூட இருந்திருக்கும். இப்போது ஆ கூடத்தின் ஓரத்தில் ஒரு பேக் பற்றுகிறது. ஸ்பிரிங்ளர் அதை நிறுத்தும் என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை. ஃபோம் பேனலில் தீ ஏறுகிறது. நடுச்சுவர் நிறுத்துமா? ஷட்டர் திறந்திருக்கிறது, மூட யாரும் உள்ளே போக மாட்டார்கள். ஆகவே அ கூடமும் போகும். 84 கோடி.

இனி ஷட்டர் தானாக மூடுவதாகவும் சுவர் தாங்குவதாகவும் வையுங்கள். ஆ கூடத்தில் கட்டடம் 10, இயந்திரம் 2, சரக்கு 18, அதோடு வணிக இடையூறில் 8, ஆக 38 கோடி. அ கூடத்தில் தீ இல்லை, ஆனால் புகை இருக்கும். அங்குள்ள 22 கோடிச் சரக்கில் கால்வாசி கெட்டுப்போகும் என்று எடுத்தால் 5.5 கோடி. கூட்டினால் 43.5 கோடி. கால்வாசி என்பது என் கணிப்பு. அதை மெயிலிலோ குறிப்பிலோ கணிப்பு என்றே எழுத வேண்டும். புகையை மறப்பதுதான் இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கிறது. மின்னணு உதிரிபாகங்கள் எரியத் தேவையில்லை, அமிலத்தன்மையுள்ள புகை பட்டாலே விற்க முடியாது.

ஸ்பிரிங்ளர் இருக்குன்னு சர்வே ரிப்போர்ட் தெளிவா சொல்லுதே. அதை நம்பக் கூடாதா?

சர்வேயர் பார்த்த அன்று அவர் எழுதியது சரி. ஸ்பிரிங்ளர் என்பது குறிப்பிட்ட சரக்கு, குறிப்பிட்ட உயரம், குறிப்பிட்ட அடுக்கும் முறை ஆகியவற்றுக்கு இத்தனை தண்ணீர் என்று கணக்கிட்டு அமைப்பது. சரக்கு மாறினால் குழாய்கள் அங்கேயே இருக்கும், கணக்கு மட்டும் பொருந்தாது. அதனால் மெயிலில் "ஸ்பிரிங்ளர் உண்டு" என்று முற்றுப்புள்ளி வைத்தால் படிப்பவர் தவறாக நினைத்துக்கொள்வார். எதற்காக அமைத்தது, இப்போது கீழே இருப்பது என்ன என்ற இரண்டும் ஒரே வரியில் வர வேண்டும்.

தண்ணீரால் பயனே இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள். அது சுற்றியுள்ள சரக்கையும் எஃகுச் சட்டத்தையும் குளிர்விக்கும், பரவலைத் தாமதப்படுத்தும். எவ்வளவு என்பதைப் பொறியாளர்தான் சொல்ல முடியும்.

தெரியாததை எல்லாம் எழுதினா, நான் வேலையே செய்யலைன்னு நினைக்க மாட்டாங்களா?

தெரியாததை மறைத்த மெயிலைத்தான் அப்படி நினைப்பார்கள். மூத்தவர்கள் படிக்கும்போது முதலில் தேடுவதே இல்லாத தகவலைத்தான். "யாரிடம் கேட்டிருக்கிறேன், எப்போது வரும்" என்று பக்கத்திலேயே எழுதிவிட்டால் அந்தக் கேள்வி எழாது.

ஆனால் எல்லாவற்றையும் தெரியாதவை என்று கொட்டக்கூடாது. மாதிரி மெயிலில் இரண்டுதான் இருக்கின்றன, இரண்டுமே முடிவைத் திருப்பக்கூடியவை. சேதமடைந்த பேக் எத்தனை என்பது தீ தொடங்கும் வாய்ப்பை மாற்றும். மின்னேற்ற அளவு தீயின் கடுமையை மாற்றும். தனியாக அனுப்பும் லித்தியம் அயனி பேட்டரிகளை விமானத்தில் ஏற்ற மின்னேற்றம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி அதனால்தான் இருக்கிறது. திரும்பி வந்த பேக்குகளில் அது எவ்வளவு என்று வாடிக்கையாளருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரியாது என்று அவர் பதில் சொன்னால், அந்தப் பதிலையும் மெயிலில் சேருங்கள்.

என் பரிந்துரையையும் எழுதணுமா? முடிவு அவங்களோடதுதானே.

எழுதுங்கள். கோப்பை முழுதாகப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். "என்ன செய்யலாம்?" என்று முடித்தால், மெயில் படித்தவர் உங்கள் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். பரிந்துரையை அவர் ஏற்காவிட்டால் பரவாயில்லை, எதை ஏற்கவில்லை என்று சொல்ல அவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

இதே கிடங்குக்கு, "பேட்டரியிலிருந்து தொடங்கும் தீக்குக் கவர் இல்லை" என்ற விலக்கைப் பலர் பரிந்துரைப்பார்கள். காகிதத்தில் அழகாக இருக்கும். கூரையே விழுந்த கிடங்கில் தீ எந்த மூலையில் தொடங்கியது என்று பிறகு நிரூபிக்க வேண்டியவர் காப்பீட்டாளர். அது நடைமுறையில் கடினம், வழக்காகவும் முடியும். அதனால்தான் மாதிரியில் நீட்டிப்புக் காலத்துக்கு விலக்கு கேட்காமல், ஒரு நிகழ்வுக்கு 40 கோடி என்று வரம்பு கேட்டேன். வரம்பை நிரூபிக்கத் தேவையில்லை.

மறுகாப்பீட்டுக்காரங்களுக்கு யார் சொல்றது? மேலே ஒப்புதல் வந்தா அதுவே போதாதா?

போதாது, இரண்டும் தனித்தனி. உங்கள் மேலதிகாரிக்கு நிறுவனத்துக்குள் அதிகாரம் இருக்கிறது. மறுகாப்பீட்டாளரோடு முன்கூட்டியே போட்ட மொத்த ஒப்பந்தமான ட்ரீட்டியில் அந்த வகை ரிஸ்க் விலக்கப்பட்டிருந்தால், அவர் ஒப்புதல் கொடுத்தாலும் 84 கோடியும் நிறுவனத்தின் கைக்காசுதான். அப்படியானால் இந்த ஒரு ரிஸ்க்குக்கு மட்டும் தனி மறுகாப்பீடு, அதாவது ஃபேகல்டேட்டிவ், தேட வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

ஆகவே இரண்டு கேள்வியையும் ஒரே நாளில் அனுப்புங்கள். மறுகாப்பீட்டுப் பிரிவிடம் "ட்ரீட்டியில் வருமா?" என்று பொதுவாகக் கேட்டால் வரும் என்று பதில் வரலாம். "பயன்படுத்திய லித்தியம் பேட்டரிச் சேமிப்பு உள்ள கிடங்கு, ட்ரீட்டியில் வருமா?" என்று கேளுங்கள்.

புதுப்பிப்பு நாளைக்கு ராத்திரி. பதில் வரலை, ப்ரோக்கர் விட மாட்டேங்கறார். பழைய பாலிசியைப் பத்து நாள் நீட்டிச்சுடலாமா? அது புதுசு இல்லையே.

நீட்டிப்பும் ஒரு ஏற்புதான். பேட்டரி உள்ளே இருப்பது தெரிந்த பிறகு அந்தப் பத்து நாளுக்குக் கவர் கொடுக்கிறீர்கள். முழு ஆண்டுக்கு அனுமதி வேண்டும் என்றால் பத்து நாளுக்கும் அதே அனுமதி வேண்டும். தீக்குப் பத்து நாளே அதிகம். மாதிரி மெயிலில் நீட்டிப்பை முதல் கேள்வியாக வைத்ததற்குக் காரணம் இதுதான்.

பதில் வராவிட்டால் தொலைபேசியில் பிடியுங்கள். அவர் விடுப்பில் இருந்தால் அவருக்குப் பதில் அதிகாரம் உள்ளவர் யார் என்று அதிகாரக் கடிதத்தில் இருக்கும். ப்ரோக்கரிடம் "ரெஃபரலில் இருக்கிறது, ஒப்புதல் வரும்வரை கவர் இல்லை" என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். "பார்த்துக்கலாம்", "பிரச்சினை இருக்காது" போன்ற ஆறுதல் வார்த்தை வேண்டவே வேண்டாம். நஷ்டம் நடந்தால் அந்த வார்த்தையைத்தான் ஒப்புதல் என்று காட்டுவார்கள்.

போன்ல "சரி, பண்ணிடு"ன்னு சொல்லிட்டாங்க. அது போதுமா?

உடனே மெயில் அனுப்புங்கள்: "இன்று மதியம் பேசியபடி, ஒரு நிகழ்வுக்கு 40 கோடி வரம்புடன் 15 நாள் நீட்டிப்புக்கு ஒப்புதல் தந்தீர்கள். நான் புரிந்துகொண்டது சரி என்றால் பதில் அனுப்பவும்." பதில் வந்த பிறகு கொட்டேஷன் கொடுங்கள். அவர் "சரி" என்றது நீட்டிப்புக்கு மட்டுமா, 12 மாதத்துக்கும் சேர்த்தா என்பது தொலைபேசியில் பெரும்பாலும் தெளிவாக இருக்காது.

"ஓகே, நிபந்தனைகளோட"ன்னு பதில் வந்துச்சு. நிபந்தனையை வாடிக்கையாளர் நிறைவேத்தலைன்னா?

அதைப் பதில் வந்த நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்: எந்தத் தேதிக்குள், யார் உறுதி செய்வது, நிறைவேறாவிட்டால் என்ன. மூன்றாவதை எழுதாத நிபந்தனை வேண்டுகோளாகத்தான் நிற்கும். "சேதமடைந்த பேக்குகள் 48 மணி நேரத்துக்குள் திறந்த வெளிக்கு. தேதியிட்ட படங்கள் வர வேண்டும். வராவிட்டால் நீட்டிப்பு அறிவிப்புடன் ரத்து" என்று இருந்தால்தான் உங்களால் எதையாவது செய்ய முடியும்.

நிபந்தனை பாலிசிக்குள்ளும் ஏற வேண்டும். உள்மெயிலில் இருப்பது வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது. ரத்து செய்ய எத்தனை நாள் அறிவிப்பு வேண்டும் என்பதையும் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். 15 நாள் நீட்டிப்புக்கு 30 நாள் அறிவிப்பு என்றால் அந்த நிபந்தனையால் எந்தப் பயனும் இல்லை.

நடப்புப் பாலிசியிலேயே எட்டு மாசமா பேட்டரி இருந்திருக்கே. அதை மெயில்ல கிளறணுமா?

கண்டிப்பாக, அதுவும் முதல் பத்திகளிலேயே. இன்று இரவு அங்கே தீப்பிடித்தால் நாம்தான் காப்பீட்டாளர். புதுப்பிப்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு நடப்புக் கவரை மறப்பது விசித்திரம், ஆனால் அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தெரிவிக்காத மாற்றம் காப்பீட்டாளருக்குத் தெரிந்த பிறகும், எதுவும் சொல்லாமல் பிரீமியத்தை வைத்துக்கொண்டு கவரைத் தொடர்ந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகப் பின்னால் வாதிட இடம் கிடைக்கும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் உங்கள் வேலை தீர்ப்பு சொல்வது அல்ல. எந்தத் தேதியில், எந்தப் படத்திலிருந்து, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள் என்று எழுதி, சட்டப் பிரிவிடம் காட்டலாமா என்று மேலதிகாரியைக் கேளுங்கள். உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்ற கடிதத்தை அனுப்புவதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். நீங்களாக ப்ரோக்கருக்கு எதுவும் எழுத வேண்டாம்.

வாடிக்கையாளரைப் பத்தி மனசுல பட்டதை உள்மெயில்ல எழுதலாமா? வெளியே போகாதே.

போகும். க்ளெய்ம் தகராறு நீதிமன்றத்துக்குப் போனால் அண்டர்ரைட்டிங் கோப்பு முழுவதையும் காட்டச் சொல்லலாம். "ஏமாற்றுப் பேர்வழி போலிருக்கிறது" என்று எழுதியிருந்தால், "அப்படித் தெரிந்தும் ஏன் பாலிசி கொடுத்தீர்கள்?" என்று கேட்பார்கள். "படிவத்தில் உதிரிபாகம் என்று இருந்தது. படத்தில் பேட்டரி இருந்தது. கேட்டதும் உறுதி செய்தார்" என்று எழுதுங்கள். படிப்பவருக்குத் தோன்ற வேண்டியது தானாகத் தோன்றும்.

சந்தேகம் உண்மையிலேயே வலுவாக இருந்தால் அதற்குத் தனி வழி இருக்கும். அந்த வழியில் போங்கள், ரெஃபரல் மெயிலில் குத்தலாக ஒரு வரி சேர்க்க வேண்டாம்.

பேட்டரியை வெளியே கொட்டகைக்கு மாத்திட்டாங்க, 12 மாசம் புதுப்பிச்சாச்சு. ஆறு மாசம் கழிச்சு எண்ணிக்கை 900 ஆயிடுச்சு. பழைய ஒப்புதல் செல்லுமா?

ஒப்புதல் கொடுத்தது மெயிலில் விவரித்த ரிஸ்க்குக்கு. மெயிலில் 420 என்று இருந்தது. 900 என்பது வேறு ரிஸ்க். கொட்டகைக்கும் கிடங்குச் சுவருக்கும் இடையே பொறியாளர் ஏற்ற இடைவெளி அந்த 420-ஐ வைத்துக் கணக்கிட்டது. கூடுதல் பேக்குகளை எங்கே அடுக்கினார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் அடுக்கியிருப்பார்கள்.

புதிய மெயில் அனுப்புங்கள், பழைய மெயிலுக்குக் கீழேயே, அப்போது வரலாறும் கூட வரும். மேலே புதிய கேள்வி, என்ன மாறியது, புதிய நஷ்ட மதிப்பீடு. இதைத் தவிர்க்க ஒரு வழி, முதல் ஒப்புதலைக் கேட்கும்போதே "450-ஐத் தாண்டினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்" என்று ஒரு உச்ச எண்ணிக்கையைப் பாலிசியில் சேர்த்துவிடுவது.